முதல் மாரத்தான்: சமவேகத்தில் ஓடுவதா, பின்பாதியில் வேகம் கூட்டுவதா?

முதல் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பயிற்சியின் கடைசி மாதத்துக்கு வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே வேகத்தில் ஓடுவதா, அல்லது முன்பாதியை அடக்கி ஓடிப் பின்பாதியில் வேகம் கூட்டுவதா? முதலாவதை ஈவன் ஸ்பிளிட் என்றும் இரண்டாவதை நெகட்டிவ் ஸ்பிளிட் என்றும் ஓட்டக்காரர்கள் சொல்கிறார்கள். முன்பாதி வேகமாகவும் பின்பாதி மெதுவாகவும் அமைந்தால் அது பாசிட்டிவ் ஸ்பிளிட். அதை யாரும் திட்டமிடுவதில்லை. முதல் முறை ஓடுபவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் வாய்க்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டத்தைச் சமவேகத்தில் போட வேண்டும். முதல் ஐந்து கிலோமீட்டரை மட்டும் வேண்டுமென்றே அதைவிட மெதுவாக ஓட வேண்டும். பின்பாதியில் வேகம் கூட்டுவதா என்பதை 32-ஆவது கிலோமீட்டரில்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு கட்சிக்காரர்களையும் திருப்திப்படுத்தும் சமரசமாக இது தோன்றலாம். ஆனால் இதை நான் வந்தடைந்தது கணக்குப் போட்டுப் பார்த்துத்தான். அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

வித்தியாசம் எவ்வளவு?

நான்கரை மணி நேர இலக்கை எடுத்துக்கொள்வோம். 42.195 கிலோமீட்டரை 4 மணி 30 நிமிடத்தில் முடிக்க, ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி ஆக வேண்டும். பாதித் தூரத்தில் கடிகாரம் 2:15:00 காட்டும். இது சமவேகம்.

இதே இலக்கை மிதமான நெகட்டிவ் ஸ்பிளிட்டாக மாற்றினால் முன்பாதி 2:17, பின்பாதி 2:13 என்று வைக்கலாம். அதாவது முன்பாதியில் கிலோமீட்டருக்கு 6:30, பின்பாதியில் 6:18. இரண்டு பாதிக்கும் இடையே கிலோமீட்டருக்கு வெறும் 12 விநாடி வித்தியாசம். சமவேகத்திலிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. கூட்டத்தில் ஒருவரைச் சுற்றிக்கொண்டு போனாலோ, தண்ணீர் மேசையில் ஒரு குவளையை எடுத்துக் குடித்தாலோ இந்த ஆறு விநாடி போய்விடும். ஆக, இரண்டு உத்திகளையும் பகைவர்கள்போல எதிரெதிரே நிறுத்துவது காகிதத்தில்தான் பொருந்தும்.

உலகச் சாதனைகளைப் பார்த்தாலும் இதே கதைதான். எலியுட் கிப்சோகே 2018-இல் பெர்லினில் 2:01:39-இல் ஓடியபோது முன்பாதி 61:06, பின்பாதி 60:33. நான்கு ஆண்டுகள் கழித்து அதே பெர்லினில் தன் சாதனையைத் தானே முறியடித்து 2:01:09-இல் முடித்தபோது முன்பாதி 59:51, பின்பாதி 61:18. அதாவது அந்த இரண்டு சாதனைகளில் வேகமான ஓட்டமே பாசிட்டிவ் ஸ்பிளிட்டாக அமைந்த ஒன்று. 2023-இல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2:00:35 என்று அந்தச் சாதனையையும் உடைத்தார். அவருக்கு முன்பாதி 60:48, பின்பாதி 59:47. நெகட்டிவ் ஸ்பிளிட்டுக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் இதுதான். அந்த விகிதத்தை அப்படியே நான்கரை மணி நேர ஓட்டத்துக்குப் பெருக்கினால் முன்பாதி 2:16:08, பின்பாதி 2:13:52 வரும். கிலோமீட்டருக்கு 6:27, பிறகு 6:21. அவ்வளவுதான்.

எனவே முன்பாதியைச் சமவேகத்தைவிட ஐந்து நிமிடம் அடக்கி ஓடிவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அது உலகச் சாதனையாளர்களே செய்யாத வேலை. 2:20-க்குப் பாதி, அடுத்த பாதி 2:10 என்ற திட்டத்தில் 6:38-இலிருந்து 6:10-க்குத் தாவ வேண்டும். அரை மாரத்தானை முழு மூச்சோடு கிலோமீட்டருக்கு 5:55-இல் ஓடக்கூடிய ஒருவரை, ஏற்கெனவே 21 கிலோமீட்டர் ஓடிய கால்களோடு, அந்தப் பந்தய வேகத்துக்குப் பதினைந்து விநாடி பக்கத்தில் இன்னொரு 21 கிலோமீட்டர் ஓடச் சொல்வது அது. நடக்காது.

ஒரே வேகம், ஒரே உழைப்பு அல்ல

சமவேகக் கட்சியின் வாதம் எளிமையானது. வேகம் கூடிக் குறைந்தால் மொத்தச் செலவு கூடுகிறது. ஒரே சீராக ஓடினால் சிக்கனம். உண்மை. ஆனால் கடிகாரத்தில் ஒரே எண் தெரிவதால் உடலும் ஒரே அளவில் உழைக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பத்தாவது கிலோமீட்டரில் 6:24 பேச்சுத்துணையோடு ஓடும் வேகம். முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் அதே 6:24 பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும் வேகம்.

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, உடல் சூடேறி வியர்வையில் நீர் குறையக் குறைய, ஒரே வேகத்துக்கு இதயம் அதிகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. நீண்ட ஓட்டங்களில் இதயத்துடிப்புப் பட்டை அணிந்தவர்கள் இதைத் தாங்களே பார்த்திருப்பார்கள்: வேகம் மாறாது, துடிப்பின் எண் மட்டும் மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது, ஒவ்வொரு அடியிலும் தரையின் அதிர்வைத் தாங்கித் தாங்கித் தொடைத் தசையின் நார்கள் சேதமடைகின்றன. மூச்சு சரியாக இருந்தும் கால்கள் மரக்கட்டையாகிவிட்டன என்று கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் பலர் புலம்புவது இதனால்தான்.

மூன்றாவது காரணம்தான் முதல் முறை ஓடுபவரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது: கிளைகோஜன். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து எரிபொருள் இது. தோராயமாக, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கிலோ கலோரி செலவாகிறது. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு மாரத்தான் முழுவதற்கும் ஏறத்தாழ 2,950 கிலோ கலோரி வேண்டும். கிளைகோஜனாக உடலில் இருப்பு சுமார் 2,000. மீதியைக் கொழுப்பும், வழியில் உட்கொள்ளும் ஜெல் போன்றவையும் தர வேண்டும். கொழுப்பு எல்லோரிடமும் தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடும்போது உடல் கொழுப்பை விட்டுவிட்டுக் கிளைகோஜனின் பக்கம் சாய்கிறது.

முன்பாதியில் கிலோமீட்டருக்கு இருபது விநாடி வேகமாக ஓடினால் என்ன ஆகிறது என்பதை இங்கேதான் புரிந்துகொள்ள வேண்டும். மொத்தக் கலோரிச் செலவு பெரிதாக மாறுவதில்லை, ஏனென்றால் தூரம் அதேதான். மாறுவது, அந்தச் செலவில் கிளைகோஜனின் பங்கு. கடைசிக்கு என்று வைத்திருக்க வேண்டிய சரக்கு முதலிலேயே தீர்ந்துவிடுகிறது. ஓட்டக்காரர்கள் சுவர் என்று அழைக்கும் அந்த இடம் பெரும்பாலும் 30-க்கும் 35-க்கும் இடையே வருகிறது. அங்கே கொழுப்பை மட்டும் நம்பி ஓட வேண்டிய நிலை. வேகம் நிமிடக் கணக்கில் விழுகிறது. இதில் இன்னொரு கேடும் உண்டு. உழைப்பின் தீவிரம் கூடினால் வயிற்றுக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது. ஜெல் செரிக்காமல் குமட்டுகிறது. எரிபொருள் அதிகம் தேவைப்படும் நேரத்தில் எரிபொருள் ஏறுவதில்லை.

இலக்கே தெரியாதவருக்குச் சமவேகம்

சமவேகத்தில் ஓட வேண்டுமென்றால் அந்த வேகம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். நாலைந்து மாரத்தான் ஓடியவருக்கு அது ஓரளவு தெரியும். முதல் முறை ஓடுபவருக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் அவர் 30 அல்லது 32 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதே இல்லை. சமவேக உத்தியின் பலவீனம் உத்தியில் இல்லை. அதற்குள் நாம் போடும் எண்ணில் இருக்கிறது.

அந்த எண்ணைப் பலரும் அரை மாரத்தான் நேரத்திலிருந்து எடுக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பல கணிப்பான்களின் பின்னால் இருப்பது, அமெரிக்கப் பொறியாளர் பீட் ரீகல் 1970-களில் முன்வைத்த சூத்திரம்:

```
T2 = T1 × (D2 / D1)^1.06
```

T1 நீங்கள் ஓடிய நேரம், D1 அந்தத் தூரம். D2 ஓடப்போகும் தூரம், T2 கணிக்கும் நேரம். தூரம் இரட்டிப்பானால் நேரம் ஏறத்தாழ 2.085 மடங்காகும். அரை மாரத்தானை 2:05-இல் முடித்தவருக்குச் சூத்திரம் தரும் மாரத்தான் நேரம் 4:20:37. மூன்று நான்கு மாதம் வாரத்துக்கு 70, 80 கிலோமீட்டர் ஓடிப் பழகியவருக்கு இது பொருந்திவரக்கூடும். வாரத்துக்கு 40, 45 கிலோமீட்டர் ஓடி, வாழ்க்கையில் ஒன்றிரண்டு முறை மட்டும் 30 கிலோமீட்டரைத் தொட்டவருக்கு இது பேராசை. அந்த 1.06 என்ற அடுக்கெண், நீண்ட தூரத்துக்கு ஏற்ற பயிற்சி இருக்கிறது என்று தானாகவே எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்டவருக்கு நான் அரை மாரத்தான் நேரத்தை இரட்டிப்பாக்கி இருபது நிமிடம் கூட்டச் சொல்வேன். 2:05-க்கு அது 4:30.

எண்ணைச் சோதிக்க ஒரே ஒரு நல்ல வழி இருக்கிறது. பந்தயத்துக்கு மூன்று அல்லது நான்கு வாரம் முன்பு 26 முதல் 28 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் கடைசி எட்டுக் கிலோமீட்டரை மட்டும் இலக்கு வேகத்தில் ஓடிப் பாருங்கள். அந்த எட்டிலும் வேகம் நிலைத்து, ஓடி முடித்த பின் இன்னும் இரண்டு கிலோமீட்டர் போகலாம் என்று தோன்றினால் எண் சரி. ஐந்தாவது கிலோமீட்டரிலிருந்து கடிகாரத்தை அடிக்கடி பார்த்து வேகத்தை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் எண் தவறு. கிலோமீட்டருக்குப் பத்து விநாடி கூட்டிக்கொள்ளுங்கள். பந்தய நாளின் உற்சாகம் அந்தப் பத்து விநாடியைத் தந்துவிடும் என்று நம்புவது முதல் முறை ஓடுபவர்களின் பொதுவான மூடநம்பிக்கை. உற்சாகம் முதல் பத்துக் கிலோமீட்டருக்குத்தான் வரும்.

ஒரே உடல், மூன்று திட்டங்கள்

மேலே சொன்ன அதே ஓட்டக்காரரை வைத்து மூன்று வகையாக ஓட்டிப் பார்ப்போம். எழுபது கிலோ எடை, அரை மாரத்தான் 2:05, உண்மையான திறன் 4:30 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வகையில் அவர் தன் திறனை 4:15 என்று நினைத்துவிடுகிறார். வேகம் கிலோமீட்டருக்கு 6:03. பாதித் தூரம் 2:07:30-இல் கடக்கிறார். கைதட்டல், புன்னகை, எல்லாம் நன்றாகப் போகிறது. முப்பதாவது கிலோமீட்டரில் 3:01:18. சமவேகத்தில் 6:24-இல் வந்திருந்தால் அங்கே 3:12:00 ஆகியிருக்கும். ஆக, இவர் பத்தேமுக்கால் நிமிடத்தைச் சேமித்து வைத்திருப்பதாக நினைக்கிறார். அடுத்த ஒன்றிரண்டு கிலோமீட்டரில் கால்கள் மறுக்கின்றன. நடையும் ஓட்டமுமாகக் கிலோமீட்டருக்கு 8:30 ஆகிறது. எஞ்சிய 12.195 கிலோமீட்டருக்கு ஒரு மணி 43 நிமிடத்துக்கு மேல் போய்விடுகிறது. முடிவு: ஏறத்தாழ 4:45. சேமித்தது பத்தேமுக்கால், இழந்தது இருபத்தைந்தரை. இந்த எட்டரை நிமிட வேகம் நான் மிகைப்படுத்திச் சொன்னதும் இல்லை. எந்த மாரத்தானிலும் 34-ஆவது கிலோமீட்டர் பலகையின் பக்கத்தில் கால் மணி நேரம் நின்று பார்த்தால், இதைவிட மோசமாக நடந்துபோகிறவர்களைக் கூட்டமாகப் பார்க்கலாம்.

இரண்டாம் வகையில் சரியான எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார். தொடக்கம் முதல் 6:24. எல்லாம் சரியாக அமைந்தால் 4:30:00. அமைந்தால் என்பதுதான் சிக்கல். உண்மையான திறன் அன்றைக்கு 4:36 என்றால், சமவேகம் என்று பெயரிட்டு அவர் செய்ததும் முதல் வகையின் சிறு பதிப்பே.

மூன்றாம் வகையில் முதல் ஐந்து கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 6:36-இல் ஓடுகிறார். சமவேகத்தைவிட 12 விநாடி மெதுவாக. ஐந்தாவது கிலோமீட்டரில் 33:00. அங்கிருந்து 6:24-இல் நிலைக்கிறார். பத்தாவது கிலோமீட்டரில் 1:05:00, பாதியில் 2:16:01, முப்பதில் 3:13:00, முப்பத்திரண்டில் 3:25:48. அந்த 2:16:01-ஐக் கவனித்தீர்களா? கிப்டமின் விகிதத்தைப் பெருக்கியபோது வந்த 2:16:08-க்கு ஏழு விநாடிதான் வித்தியாசம். ஐந்தே கிலோமீட்டர் அடக்கி ஓடியதிலேயே சிகாகோவின் முன்பாதி வந்துவிட்டது.

முப்பத்திரண்டில் உடல் ஒத்துழைத்தால் எஞ்சிய 10.195 கிலோமீட்டரை 6:18-இல் ஓடி 4:30-ஐத் தொடலாம். கூட்ட வேண்டியது கிலோமீட்டருக்கு ஆறு விநாடி. கூட்ட முடியவில்லை, 6:24-ஐ மட்டும் தக்கவைத்துக்கொள்ள முடிகிறது என்றால் 4:31:03. அன்றைக்கு உடல் சரியில்லை, வேகம் 7:00-க்கு விழுந்துவிட்டது என்றாலும் 4:37-க்குப் பக்கத்தில் முடித்துவிடலாம்.

என் வாதம் முழுவதும் இந்த எண்களில்தான் நிற்கிறது. மெதுவாகத் தொடங்கியதன் விலை அதிகபட்சம் ஒரு நிமிடம் மூன்று விநாடி. வேகமாகத் தொடங்கியதன் விலை பதினைந்து நிமிடம். இரண்டு பக்கமும் தவறு சமமாக இருந்திருந்தால் சமவேகத்தையே தேர்ந்தெடுக்கலாம். சமமில்லை. எண் எது என்று உறுதியாகத் தெரியாதவர் அந்த ஒரு நிமிடத்தைக் காப்பீட்டுத் தவணைபோலக் கட்டிவிட்டுப் போவதே நல்லது.

அப்படியானால் இன்னும் மெதுவாகத் தொடங்கினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. முதல் பத்துக் கிலோமீட்டரையும் 7:00-இல் ஓடினால் ஆறு நிமிடம் போய்விடுகிறது, ஆனால் கால்களுக்கு அதற்கேற்ற ஓய்வு கிடைப்பதில்லை. அடிகளின் எண்ணிக்கை குறைவதில்லை, வெயிலில் நிற்கும் நேரம் கூடுகிறது. இழந்த ஆறு நிமிடத்தைப் பின்னால் பிடிக்க வேண்டும் என்ற அரிப்பு வேறு உள்ளேயே இருக்கும். அந்த அரிப்பில் பதினைந்தாவது கிலோமீட்டரில் வேகத்தைக் கூட்டிவிட்டால் போட்ட திட்டம் வீண்.

களத்தில்

முதல் ஐந்து கிலோமீட்டரை அடக்கி ஓடுவது காகிதத்தில் சுலபம். பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் பயிற்சியைக் குறைத்திருப்பதால் கால்கள் துள்ளிக்கொண்டிருக்கும், சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள், 6:36 என்பது நடப்பதுபோலத் தோன்றும். எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். அவர்களில் ஒரு பகுதியை 33-ஆவது கிலோமீட்டரில் சந்திப்பீர்கள். கூட்டத்தில் இடமும் வலமுமாகப் புகுந்து முந்துவது இரட்டை நஷ்டம்: வேகம் ஏறி இறங்குகிறது, தூரமும் கூடுகிறது.

அடக்கத்தை அளக்கக் கடிகாரத்தைவிட வாய் நல்ல கருவி. முதல் பத்துக் கிலோமீட்டரில் பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியம் ஒன்றை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். வாக்கியம் மூன்று நான்கு சொற்களாக உடைந்தால், கடிகாரம் என்ன காட்டினாலும் அன்றைக்கு அந்த வேகம் உங்களுடையதில்லை. முதல் இரண்டு கிலோமீட்டரின் இதயத்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். பதற்றத்தில் அது எப்போதும் கூடுதலாகவே காட்டும்.

ஜிபிஎஸ் கடிகாரம் செய்யும் ஒரு குளறுபடியையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பாதையை அளப்பவர்கள் வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டைப் பிடித்து அளக்கிறார்கள். கூட்டத்தோடு ஓடும் நாம் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை. முடிவுக்கோட்டில் கடிகாரம் 42.6 கிலோமீட்டர் காட்டுவது சாதாரணம். அப்படியானால் 4:30-இல் முடிக்கக் கடிகாரத்தின் கணக்கில் 6:24 போதாது, 6:20 வேண்டும். இது தெரியாமல் கடிகாரத்தின் சராசரியை நம்பி ஓடியவர்கள் கடைசியில் இரண்டரை நிமிடம் எங்கே போனது என்று தேடுகிறார்கள். கடிகாரத்தின் தானியங்கி லேப்பை அணைத்துவிட்டு, பாதையோரப் பலகையைக் கடக்கும்போது நீங்களே பொத்தானை அழுத்துவது நல்லது. 5, 10, பாதி, 30 ஆகிய இடங்களின் நேரத்தை மணிக்கட்டில் எழுதிக்கொண்டால் ஓடும்போது கணக்குப் போட வேண்டியதில்லை. முப்பதைத் தாண்டிய மூளைக்கு வகுத்தல் கணக்கு வராது.

ஐந்திலிருந்து முப்பத்திரண்டுவரை செய்ய வேண்டிய வேலை சலிப்பானது: அதே வேகம், குறித்த நேரத்தில் ஜெல், தண்ணீர். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. ஜெல் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். ஆபத்து 14-க்கும் 22-க்கும் இடையே வருகிறது. உடல் நன்கு சூடேறி, மூச்சு சீராகி, எல்லாம் லேசாகத் தோன்றும் கட்டம் அது. பாதித் தூரத்தைத் தெம்பாகக் கடந்ததும், இன்றைக்கு நம் நாள் என்று முடிவுசெய்து வேகத்தைக் கூட்டுகிறவர்கள் உண்டு. நெகட்டிவ் ஸ்பிளிட் என்ற சொல்லே பின்பாதி தொடங்கியதும் வேகம் கூட்ட வேண்டும் என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. 21-இல் இருக்கும் தெம்பு 35-ஐப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

முப்பத்திரண்டு என்று நான் ஓர் எண்ணைச் சொல்வதற்குக் காரணம், சுவர் வருவதாக இருந்தால் அதன் அறிகுறி அதற்குள் தெரிந்துவிடும் என்பதுதான். அங்கே மூன்றைப் பாருங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரின் நேரம் தானாக 6:24-இல் வந்ததா, இழுத்துப் பிடித்து வந்ததா? அடிகள் குறுகாமல் முன்போல விழுகின்றனவா? கடைசி ஜெல் வயிற்றில் தங்கியதா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் கிலோமீட்டருக்கு ஐந்தாறு விநாடி கூட்டலாம். 37-இல் இன்னொரு முறை கூட்டலாம். ஒன்று சரியில்லை என்றாலும் கூட்ட வேண்டாம், இருக்கும் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு போனால் போதும்.

திட்டம் மாற வேண்டிய இடங்கள்

வெயில் ஏறும் நாளாக இருந்தால் நெகட்டிவ் ஸ்பிளிட்டை மறந்துவிடுங்கள். நான்கரை மணி நேரம் ஓடுபவர், இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் முன்னணி வீரர் பார்க்காத வெப்பத்தைப் பார்க்கிறார். பின்பாதி அவருக்கு வேறொரு வானிலை. அன்றைக்கு இலக்கையே குறைத்துக்கொண்டு, சமமான உழைப்பில் ஓடி, பின்பாதி இரண்டு மூன்று நிமிடம் மெதுவாவதை ஏற்றுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

மேடுபள்ளமான பாதையில் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் ஒரே வேகம் என்பது பொருளற்றது. மேட்டில் மூச்சை மாற்றாமல் வேகத்தை விட்டுக்கொடுத்து, இறக்கத்தில் கிடைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். பாஸ்டன்போல முன்பாதி இறக்கமாக இருந்து மேடுகள் பின்பாதியில் வரும் பாதைகள் இரட்டிப்பு ஆபத்தானவை. இறக்கம் தரும் இலவச வேகம் தொடைகளில் பதிவாகி, மேட்டில் கணக்குத் தீர்க்கும்.

பலூனோ கொடியோ ஏந்தி ஓடும் பேசர் குழுவோடு போவதும் நல்ல வழிதான். பெரும்பாலான பேசர்கள் சமவேகத்தில் ஓடுவார்கள். முதல் ஐந்து கிலோமீட்டரில் அவர்களை நூற்றைம்பது மீட்டர் முன்னே விட்டுவிட்டு ஓடுங்கள். அந்த ஒரு நிமிட இடைவெளி, கொடி கண்ணில் படும் தூரம்தான். பேசரின் கணக்கு துப்பாக்கிச் சத்தத்திலிருந்தா, தொடக்கக்கோட்டைக் கடந்த நேரத்திலிருந்தா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தின் பின்னால் நின்றவர் துப்பாக்கி நேரப் பேசரைப் பிடிக்க ஓடினால் தொடக்கத்திலேயே மூன்று நான்கு நிமிடத்தைத் துரத்த வேண்டியிருக்கும்.

முழுக்க முழுக்கச் சமவேகத்தில், முதல் கிலோமீட்டரிலிருந்தே இலக்கு வேகத்தில் ஓடத் தகுதியான புதியவர்களும் இருக்கிறார்கள். மூன்று நான்கு முறை 30-க்கு மேல் ஓடி, அந்த ஓட்டங்களில் கடைசிப் பகுதியை வேகம் குறையாமல் முடித்தவர்கள்; பல அரை மாரத்தான்களைச் சீராக ஓடிப் பழகியவர்கள். பெருந்திரள் மாரத்தான்களின் முடிவுகளை ஆராய்ந்தவர்கள், பெண்கள் ஆண்களைவிடப் பின்பாதியில் குறைவாகவே வேகம் இழக்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். ஆக, முன்பாதியில் அடக்கம் தேவை என்ற அறிவுரையை ஆண்கள் இன்னும் சற்று உரக்கவே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஓடி முடித்த பிறகு சிப் தந்த ஐந்து கிலோமீட்டர் நேரங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாரத்தானின் வேகத்தை அவைதான் சொல்லும். இரண்டு பாதிகளுக்கும் இடையே மூன்று நிமிடத்துக்குள் வித்தியாசம் என்றால் எண் சரியாக இருந்தது. அடுத்த முறை சமவேகத்தைத் தைரியமாகப் போடலாம். பின்பாதி ஐந்து நிமிடத்துக்கு மேல் வேகமாக இருந்தால் இலக்கைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறீர்கள். பின்பாதி மெதுவாகியிருந்தால் எங்கே மெதுவானது என்று பாருங்கள். 20-இலிருந்தே ஒவ்வொரு ஐந்திலும் சிறிது சிறிதாகக் குறைந்திருந்தால் இலக்கு வேகம் திறனுக்கு மீறியது. 30 அல்லது 35 வரை அசையாமல் இருந்து அங்கே திடீரென்று விழுந்திருந்தால் வேகத்தைக் குறை சொல்வதற்கு முன் ஜெல்களை எத்தனை, எப்போது எடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.